ஆவுளியா மீட்பு வீடியோ: தமிழ்ல இருக்கு, இந்தி தெலுங்கு குஜராத்தில எப்படிப் போடுறது?

மண்டபம் செல்வி

எல்லாருக்கும் வணக்கம். கடல்பசுன்னு சொல்ற ஆவுளியா வலையில மாட்டினா மீனவங்க என்ன செய்யணும்னு எங்க குழு ஆறு நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து வச்சிருக்கு. இழுக்காதே, வால்ல கயிறு கட்டாதே, மூக்கு தண்ணிக்கு மேல வர்ற மாதிரி பிடி, வலையை அறுத்து விடு, இந்த நம்பருக்குச் சொல்லு. அவ்வளவுதான் விஷயம். பாம்பன், வேதாளை, தொண்டி பக்கமெல்லாம் திரையில போட்டுக் காட்டியாச்சு.

இந்தியாவுல ஆவுளியா இருக்கிற மத்த இடங்கள் கட்ச் வளைகுடாவும் அந்தமானும். அங்கேயும் காட்டணும்னு கேக்குறாங்க. அந்தமானுக்கு இந்தியும் தெலுங்கும், கட்ச் பக்கத்துக்குக் குஜராத்தி. மொழிபெயர்க்கவும் குரல் கொடுக்கவும் ஆள் இருக்கு. சிக்கல் என்னன்னா, கையில இருக்கிற படத்துல தமிழ் எழுத்து காட்சியோட ஒட்டியே இருக்கு. குரலும் கடல் சத்தமும் ஒண்ணாக் கலந்திருக்கு. எடிட் செஞ்ச தம்பி வெளிநாடு போயிட்டார், அவர் ப்ராஜெக்ட் ஃபைலும் இல்ல. எடுத்த கிளிப்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு. தமிழ்க் குரல் பதிவும் தனியா இருக்கு.

மூணு மொழிக்கும் மூணு தடவை எடிட் பண்றதா? இல்ல ஒரே படத்தை வச்சு எழுத்தையும் குரலையும் மட்டும் மாத்துற மாதிரி செய்யலாமா?

முகவை மைந்தன்

அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? யூடியூப்ல ஏத்துங்க, சப்டைட்டில் தானா வந்துரும். மொழியும் அதுவே மாத்திக்கும்.

மண்டபம் செல்வி

தம்பி, பார்க்கிறவங்க பல பேருக்குப் படிக்க வராது. படகுத்துறையில பெரிய திரையில போடுவோம், இல்லன்னா செல்போன்ல கைமாறிப் போகும். நெட் இருக்காது. குரல்தான் முக்கியம். கீழே ஓடுற சப்டைட்டில் இல்ல, படத்துக்கு உள்ளேயே பெருசா வர்ற எச்சரிக்கை எழுத்தைத்தான் மாத்தணும்னு கேக்குறேன்.

சாயல்குடி ஸ்டூடியோ

இதுக்கு நேர் வழி இருக்கு. ஒரு எம்கேவி கோப்புக்குள்ள ஒரே படம், நாலு ஒலித்தடம் போடலாம். பார்க்கிறவர் விஎல்சியில மொழியை மாத்திக்குவார். படத்தை மறுபடி ரெண்டர் பண்ணவே வேண்டாம்.

```
ffmpeg -i padam.mp4 -i ta.m4a -i hi.m4a -i te.m4a -i gu.m4a \
 -map 0:v -map 1:a -map 2:a -map 3:a -map 4:a -c copy \
 -metadata:s:a:0 language=tam -metadata:s:a:1 language=hin \
 -metadata:s:a:2 language=tel -metadata:s:a:3 language=guj avuliya.mkv
```

ஒரு பென் டிரைவ்ல நாலு மொழியும் அடங்கிரும். வாட்ஸ்அப்லயும் இதையே அனுப்பிரலாம்.

கீழக்கரை ஒலி

சாயல்குடித் தம்பி சொன்னது பாதி சரி. நீங்களே படத்தைப் போட்டுக் காட்டுற இடத்துக்கு அந்தக் கோப்பு நல்லது. ஆனா வாட்ஸ்அப்ல வீடியோவாப் போனா, பார்க்கிறவர் ஒலித்தடத்தை மாத்த அங்க வழி இல்ல. டாக்குமென்டா அனுப்பினா கோப்பு அப்படியே போகும். ஆனா வாங்குறவர் போன்ல விஎல்சி இருக்கணும், அதுல ஒலித்தடம் எங்க மாத்துறதுன்னும் தெரியணும். வலை இழுக்கிற ஆள்கிட்ட அதை எதிர்பார்க்கக் கூடாது. யூடியூப்லயும் கோப்புக்குள்ள அடுக்கி ஏத்துற வேலை ஆகாது; வேற மொழி ஒலியை அவங்க ஸ்டூடியோ பக்கத்துல தனித்தனியா ஏத்தணும்.

அதைவிடப் பெரிய விஷயம், ஒலி மாறினாலும் எழுத்து மாறாது. குஜராத்திக் குரல் ஓடும்போது திரையில தமிழ் எழுத்து நிக்கும்.

அதனால செல்வி தங்கச்சி, தயாரிக்கும்போது எல்லாத்தையும் பிரிச்சு வைங்க. கொடுக்கும்போது மொழிக்கு ஒரு கோப்பா சேர்த்துக் கொடுங்க. கையில நாலு சாமான் இருக்கணும்: எழுத்தே இல்லாத சுத்தப் படம், பேச்சே இல்லாத சத்தம், மொழிக்கு ஒரு குரல், மொழிக்கு ஒரு எழுத்தடுக்கு. இந்த நாலும் ஒரே நொடியில தொடங்கி ஒரே நொடியில முடிஞ்சா, நாளைக்கு வங்காளம் கேட்டாலும் ஒரு குரலும் ஒரு எழுத்தடுக்கும் செஞ்சாப் போதும்.

மண்டபம் செல்வி

காக்கா, சுத்தப் படத்துக்கு எங்க போறது? அதுதான் இல்லையே.

கீழக்கரை ஒலி

கிளிப்கள் இருக்குன்னா படம் இருக்குன்னுதான் அர்த்தம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். முடிஞ்ச தமிழ்ப் படத்தை மேல் தடத்துல போடுங்க. அதோட கலவை முறையை `Difference` ஆக்குங்க. கீழ்த் தடத்துல ஒவ்வொரு கிளிப்பா வச்சு நகர்த்துங்க. சரியான ஃபிரேம்ல உட்கார்ந்ததும் திரை முழுக்கக் கறுத்துப்போகும். மேல இருக்கிற தமிழ் எழுத்து மட்டும் தெரியும். ஒரு ஃபிரேம் தள்ளி இருந்தாலும் அலையோட விளிம்பும் ஆளோட விளிம்பும் வெள்ளைக் கோடா மினுங்கும். கண்ணால பார்த்து ஒப்பிடுறதைவிட இது ரொம்ப நம்பகம். வண்ணம் திருத்தியிருந்தா முழுக் கறுப்பு வராது, மங்கலா ஒரு சாயம் நிக்கும். அதுக்குப் பயப்படாதீங்க, விளிம்பு மறையுதான்னு மட்டும் பாருங்க.

ஆறு நிமிஷப் படத்துக்கு இது பெரிய வேலை இல்ல. வெட்டு எங்கெங்க இருக்குன்னு மேல் தடமே சொல்லிரும்.

அரிச்சல்முனை

ஏதாவது ஒரு கிளிப் கிடைக்கலேன்னா இதையும் முயற்சி பண்ணுங்க. கரையில ஸ்டாண்டு போட்டு எடுத்த காட்சியில எழுத்து ஒரு வினாடி கழிச்சுத்தான் வரும். எழுத்து வர்றதுக்கு முந்தின ஃபிரேமை நிறுத்திப் படமா எடுத்து, எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் அதால மூடலாம். மணல், வலை, நிக்கிற வள்ளம் இதுக்கெல்லாம் வெளியில தெரியாது. கடல்ல எடுத்த காட்சிக்கு இது உதவாது. தண்ணி ஓடிட்டிருக்கும், ஒட்டுப் போட்ட இடம் மட்டும் உறைஞ்சு நிக்கும். அங்க ஒரு கெட்டியான நிறப் பட்டையைப் போட்டுப் பழைய எழுத்தை மறைச்சு, அதுமேல புது எழுத்தை வைக்கிறதுதான் வழி.

தேவிபட்டினம் ரஃபீக்

எனக்கும் இதே பிரச்சனைதான் அண்ணே. கல்யாண வீடியோவுல முதல்ல வாயும் பேச்சும் சரியா இருக்கு, அரை மணி நேரம் போனா பேச்சு பின்னாடி வருது. குரலைத் தனித் தடத்துல வச்சிருக்கேன். இதுக்கு என்ன செய்யலாம்?

சாயல்குடி ஸ்டூடியோ

மாப்ள, உன்னோடது வேற கேஸ். செல்போன்ல எடுத்திருப்ப. போன் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கும். எடிட்டுக்கு ஏத்துறதுக்கு முன்னாடி 25 ஃபிரேமுக்கு நிலையா மாத்திக்க. அதுக்கு மேல கேக்கணும்னா தனி இழை போடு.

கீழக்கரை ஒலி

செல்வி, உங்க கிளிப்கள்ல செல்போன்ல எடுத்தது இருந்தா அதையும் அப்படியே மாத்திக்கோங்க. சரி, சத்தத்துக்கு வர்றேன். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

கேமராவுல பதிவான மோட்டார் சத்தம், அலை, காத்து, வலை உரசுற சத்தம் இதையெல்லாம் கிளிப்கள்ல இருந்து எடுத்துத் தனித் தடமாக் கட்டுங்க. பின்னணி இசை இருந்தா அதுக்கு இன்னொரு தடம். தமிழ்க் குரல் பேசும்போது மோட்டார் சத்தம் தாழணும், குரல் நின்னதும் ஏறணும், இல்லையா? அந்தத் தாழ்த்தலை இந்தத் தடத்துல சேர்த்துப் பதியாதீங்க. பதிஞ்சுட்டா என்ன ஆகும்? இந்தியில வாக்கியம் வேற இடத்துல முடியும். தமிழ் நிறுத்தின இடத்துல இந்தி இன்னும் பேசிட்டிருக்கும், சரியா அந்த நேரத்துல மோட்டார் சத்தம் குபீர்னு ஏறும். கேக்கிறவங்களுக்கு ஏதோ தப்புன்னு தெரியும், என்னன்னு சொல்லத் தெரியாது.

அதனால சத்தத் தடம் ஏத்த இறக்கம் இல்லாம ஒரே அளவுல இருக்கட்டும். ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்தக் குரலை வச்சுத் தாழ்த்துங்க. ஆடாசிட்டியில `Auto Duck` இருக்கு. குரல் தடம் கீழே, சத்தத் தடம் மேலே. சத்தத்தைத் தேர்ந்து ஓட்டினா குரல் இருக்கிற இடத்துல 12 டெசிபல் தாழ்த்தும். அவங்க வச்சிருக்கிற அளவே உங்க படத்துக்குப் பொருந்தும்.

குரல் கொடுக்கிறவங்ககிட்ட இன்னொண்ணு சொல்லிருங்க. துண்டு துண்டா முப்பது கோப்பு அனுப்ப வேண்டாம். நீங்களோ அவங்களோ எல்லாத்தையும் படத்தோட நீளத்துக்கே ஒரு வேவ் கோப்பா அடுக்கிருங்க. பூஜ்ஜியத்துல தொடங்கணும், 48 கிலோஹெர்ட்ஸ். கடைசியில பேச்சு இல்லன்னா அமைதி இருக்கட்டும். அப்படி இருந்தா எந்த மொழிக் கோப்பை எடுத்து வச்சாலும் தேடிப் பொருத்துற வேலை இல்ல.

மண்டபம் செல்வி

இந்தி மொழிபெயர்ப்பு வந்துருச்சு. வாசிச்சுப் பார்த்தோம். தமிழ்ல ஒன்பது வினாடி எடுக்கிற இடம் இந்தியில பன்னிரண்டு எடுக்குது. வேகமாப் பேசச் சொல்றதா?

கீழக்கரை ஒலி

வேண்டாம். இது உயிர் காக்கிற செய்முறை. அவசரமாப் பேசினா கை பின்தொடராது. ஒலியை மென்பொருள்ல இழுத்துச் சுருக்குறதும் நூத்துக்கு அஞ்சு பங்கு வரைக்கும்தான் தாங்கும். பன்னிரண்டை ஒன்பதாக்க அது பத்தாது.

ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். நீங்க எப்படியும் படத்தைத் திரும்பக் கட்டுறீங்க, கிளிப்கள் கையில இருக்கு. ஒவ்வொரு செய்முறைக் காட்சியோட வாலையும் ஒண்ணரை ரெண்டு வினாடி நீட்டுங்க. அந்த நீட்டிப்பு தமிழுக்கும் சேர்த்து எல்லா மொழிக்கும் பொது. அதுக்கப்புறம் படத்தைப் பூட்டிருங்க. குஜராத்திக்காக ஒரு காட்சியை மட்டும் நீட்டினீங்கன்னா, அன்னிக்கே ஒரே படம்ங்கிற ஏற்பாடு போச்சு.

மிச்சத்தை மொழிபெயர்ப்பாளர் குறைக்கணும். அவருக்கு வெறும் வசனத்தை அனுப்பாதீங்க. ஒரு அட்டவணை போடுங்க: எந்த நொடியில தொடங்குது, எத்தனை வினாடி இருக்கு, தமிழ் வசனம், அந்த நேரத்துல திரையில என்ன தெரியுது. அந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். திரையில கத்தி வலையை அறுக்கிறது தெரியுதுன்னு அவருக்குத் தெரிஞ்சா, "கூர்மையான கத்தியால் வலையின் கண்ணிகளை" அப்படின்னு நீட்ட மாட்டார், "இப்ப அறுங்க"ன்னு முடிப்பார்.

நல்ல விஷயம் என்னன்னா இந்தி, தெலுங்கு, குஜராத்தி மூணுலயும் நம்ம மாதிரியே வினை கடைசியிலதான் வரும். அறுங்கங்கிற சொல் எல்லா மொழியிலயும் வாக்கியத்தோட வால்ல விழும். அதனால வாக்கியத்தோட முடிவைக் காட்சியோட சேருங்க, தொடக்கம் முன்னப் பின்ன இருந்தாப் பரவாயில்ல. ஆங்கிலத்துக்குப் போனா இது மாறும்.

அரிச்சல்முனை

எழுத்தடுக்கைப் பத்தி நான் சொல்றேன், அந்த வேலைதான் தினமும் பார்க்கிறேன். எடிட்டிங் மென்பொருள் உள்ளேயே டைட்டில் போட்டு, மொழிக்கு ஒரு டைம்லைன் வைக்கலாம். ஆனா எழுத்து மட்டும் தனிக் கோப்பா, யாரும் நோட்பேட்ல திறந்து திருத்துற மாதிரி இருந்தா நிம்மதி. ஏஎஸ்எஸ் கோப்பு அதுக்குத்தான். ஏஜிசப்னு இலவச மென்பொருள்ல இடம், அளவு, நிறம் எல்லாம் வச்சுக்கலாம். உள்ளே ஒரு வரி இப்படி இருக்கும்:

```
Dialogue: 0,0:02:40.00,0:02:46.00,Echarikkai,,0,0,0,,வாலில் கயிறு கட்டாதீர்கள்
```

தெலுங்குக் கோப்புல நேரமும் `Echarikkai` பேரும் அப்படியே இருக்கும், கடைசித் துண்டு மட்டும் மாறும். எழுத்துரு எதுங்கிறது கோப்பு மேல அந்தப் பேர்ல வரையறுத்திருக்கும். தமிழுக்கு `Noto Sans Tamil`, தெலுங்குக்கு `Noto Sans Telugu`, இந்திக்கு `Noto Sans Devanagari`, குஜராத்திக்கு `Noto Sans Gujarati`. நாலும் இலவசம், ஒரே குடும்பம், கனமும் ஒத்துப்போகும். தலைப்பகுதியில `PlayResX: 1920`, `PlayResY: 1080` போட மறந்தா எழுத்து அளவு கன்னாபின்னான்னு வரும்.

மொழிபெயர்ப்பு யூனிகோட்லதான் வரணும்னு முதல்லயே சொல்லிருங்க. நம்ம ஊர் டிடிபி கடையில பாமினியில அடிச்சுக் கொடுக்கிற மாதிரி அங்கேயும் பழைய எழுத்துரு வழக்கம் இருக்கு. அது வந்தா எல்லாம் திரும்ப அடிக்கணும்.

சாயல்குடி ஸ்டூடியோ

எனக்குப் பிரீமியர்ல தமிழே உடைஞ்சு வருது. "கொ" போட்டா கொம்பு பின்னாடி போய் நிக்குது. அதனால போட்டோஷாப்ல எழுதிப் படமா ஏத்துறேன்.

அரிச்சல்முனை

அண்ணே, பிரீமியர் `Preferences` உள்ளே `Graphics` போய் `Text Engine` இருக்கிற இடத்துல `South Asian and Middle Eastern` தேர்ந்துட்டுப் புதுசா எழுத்தைப் போட்டுப் பாருங்க. சரியாயிரும். படமா ஏத்தினா ஒவ்வொரு திருத்தத்துக்கும் திரும்ப ஏத்தணும்.

செல்வி அக்கா, படிக்கத் தெரியாத மொழியில எழுத்து உடைஞ்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புள்ளிபுள்ளியா ஒரு வட்டம் தெரிஞ்சா கண்டிப்பா உடைஞ்சிருக்கு. வெறும் கட்டம் தெரிஞ்சா எழுத்துரு கிடைக்கல. இதுல மாட்டாத ஒண்ணு இருக்கு: எழுத்துரு இல்லாம வேற ஏதோ எழுத்துருவை அதுவே எடுத்துக்கும், பார்க்க சரியாத் தெரியும், ஆனா அளவு மாறிப் பட்டைக்கு வெளியே போயிரும். ரெண்டர் ஓடும்போது திரையில `fontselect` னு வரி வரும், அதுல அம்புக்குறிக்கு வலப்பக்கம் நீங்க சொன்ன எழுத்துருதான் இருக்கான்னு பாருங்க. கடைசியா, எச்சரிக்கை வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் படமெடுத்து அந்த மொழிக்காரர் ஒருத்தருக்கு அனுப்பிருங்க. அதுக்கு மாற்று கிடையாது.

பட்டையோட உயரத்தைத் தமிழை வச்சுத் தீர்மானிக்காதீங்க. தெலுங்குல கூட்டெழுத்து அடியில தொங்கும், இந்தியில மேல மாத்திரை ஏறும். தெலுங்கை ரெண்டு வரியில வச்சுப் பார்த்து, அதுக்குப் போதுற உயரத்தை எல்லாத்துக்கும் வைங்க.

மண்டபம் செல்வி

ஒரு சந்தேகம். கடைசியில வர்ற தொலைபேசி எண் மொழியோட மாறாது, ஊரோட மாறும். இங்க ஒண்ணு, அந்தமான்ல ஒண்ணு, குஜராத்ல ஒண்ணு. நாளைக்கு அந்தமான்ல தமிழ்லயே காட்டினாலும் எண் வேற.

அரிச்சல்முனை

நல்ல இடத்தைப் பிடிச்சீங்க. எழுத்தடுக்கை ரெண்டாப் பிரிங்க. மொழிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு. ஊர் அடுக்குல எண் மட்டும். இலக்கத்தை எல்லா மொழிக்கும் போன்ல இருக்கிற 0-9 வடிவத்துலயே வைங்க. "உடனே அழைக்கவும்" மொழி அடுக்குல இருக்கட்டும். சேர்க்கும்போது ரெண்டையும் வரிசையா ஏத்தலாம்:

```
ffmpeg -i padam_clean.mov -i mix_te.wav \
 -vf "ass=te.ass:fontsdir=fonts,ass=andaman.ass:fontsdir=fonts" \
 -map 0:v -map 1:a -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p \
 -c:a aac -b:a 160k -movflags +faststart avuliya_te_andaman.mp4
```

எண் மாறினா `andaman.ass` உள்ளே ஒரு வரி திருத்தி, கட்டளையைத் திரும்ப ஓட்டினாப் போதும்.

கீழக்கரை ஒலி

அதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. எண்ணைக் குரல்ல சொல்ல வேண்டாம். "திரையில் தெரியும் எண்ணுக்கு"ன்னு மட்டும் பேசட்டும். எண்ணைப் பேசிட்டா குரலும் ஊரோட கட்டுப்பட்டுரும்.

முகவை மைந்தன்

படிக்க வராதவங்கன்னு அக்காவே சொன்னாங்களே. எண்ணைக் குரல்ல சொல்லலேன்னா அவங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?

கீழக்கரை ஒலி

தம்பி கேக்கிறது நியாயம். எழுத்து வாசிக்காதவரும் போன்ல இலக்கம் பார்த்து அழுத்துவார், அதை நம்பித்தான் சொன்னேன். ஆனா காதுல விழுந்தா மனசுல நிக்கும்ங்கிறதும் உண்மை. எண்ணை மட்டும் தனியா ஒரு சின்னப் பதிவா, ஊருக்கும் மொழிக்கும் ஒண்ணா எடுத்து, கடைசி எட்டு வினாடியில வைக்கலாம். குரல் கோப்புல அந்த இடத்தைக் காலியா விடச் சொல்லுங்க. வேலை கொஞ்சம் கூடும். செல்வி முடிவு பண்ணட்டும்.

மண்டபம் செல்வி

தனியாவே பதியுறோம் காக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. வேதாளைப் பெரியவர் ஒருத்தர் நாற்பது வினாடி பேசுவார், ஆவுளியாவை எப்படி விட்டார்னு. அதுக்கு மேல இந்திக் குரல் போட்டா அவர் குரல் போயிரும்.

கீழக்கரை ஒலி

முதல் ரெண்டு வினாடி அவர் குரல் முழுசா ஒலிக்கட்டும். அப்புறம் அதைத் தாழ்த்தி, அதுமேல இந்தி தொடங்கட்டும். அவர் முடிக்கிறதுக்கு ஒரு வினாடி முன்னாடியே இந்தி முடிஞ்சு, கடைசிச் சொல் அவர் குரல்லயே எழும்பணும். இதுக்காக அவர் குரலைச் சத்தத் தடத்தோட கலக்காம தனித் தடமா வைங்க.

அரிச்சல்முனை

எனக்கு இதுல உடன்பாடு இல்ல காக்கா. ரெண்டு குரல் ஒண்ணுமேல ஒண்ணு போனா படகுத்துறை ஸ்பீக்கர்ல ரெண்டுமே புரியாது. அந்த நாற்பது வினாடிக்கு மட்டும் அவர் குரலை முழுசா விட்டு எழுத்துப் போடலாம். செய்முறை எல்லாம் முன்னாடியே குரல்ல வந்துருது, இது அனுபவம்தானே.

கீழக்கரை ஒலி

அனுபவத்தைக் கேட்டுத்தான் அந்தமான்ல இருக்கிற மீனவர் நம்புவார். எழுத்தைப் படிக்காதவருக்கு அந்த நாற்பது வினாடி வெறும் சத்தமாப் போயிரும்.

மண்டபம் செல்வி

ரெண்டு மாதிரியும் தெலுங்குல மட்டும் செஞ்சு, இங்க துறைமுக ஸ்பீக்கர்ல போட்டுப் பார்க்கிறோம். தெலுங்கு பேசுற ரெண்டு குடும்பம் பாம்பன்ல இருக்கு, அவங்களைக் கூப்பிட்டிருக்கேன். கிளிப்களைப் பொருத்துற வேலை தொடங்கியாச்சு. `Difference` போட்டதும் முதல் காட்சியே கறுத்து, "ஆவுளியா" மட்டும் எழுத்தா நின்னுச்சு. சாயல்குடி அண்ணே, துறையில நாங்களே போட்டுக் காட்டுற இடத்துக்கு உங்க எம்கேவி கட்டளையையும் எடுத்துக்கிறேன், சுத்தப் படத்தை வச்சு.

சாயல்குடி ஸ்டூடியோ

எடுத்துக்கங்கம்மா. துறை டிவியில அந்த எம்கேவி ஓடுதான்னு முன்னாடியே ஒரு தடவை சோதிச்சிருங்க. சில டிவி முதல் ஒலித்தடத்தை மட்டும்தான் எடுக்கும். சுத்தப் படம்ங்கிறதால எழுத்தும் வராது. எழுத்து வேணும்னா மொழிக்கு ஒண்ணா சேர்த்த கோப்பைத்தான் போடணும்.